கரையில் ஒரு விளக்கு: முதல் குறும்படத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு

மீனவரின் மனைவி, கறுத்து வரும் வானம், கரையில் ஏற்றிய விளக்கு. குறும்படம் எழுத உட்காரும் பலருக்கு முதலில் தோன்றும் கரு இதுதான். பார்க்க அழகாக இருக்கும், செலவும் குறைவு, ஒரே இடத்தில் முடித்துவிடலாம். ஆனாலும் பெரும்பாலான பிரதிகள் இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிடும். அவள் விளக்கேற்றுகிறாள், காற்று அணைக்கிறது, அவள் அழுகிறாள், மறுபடி ஏற்றுகிறாள். அந்த விளக்கால் கடலில் இருப்பவனுக்கு என்ன பயன் என்று எழுதியவரே யோசித்திருக்க மாட்டார்.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். இந்த விளக்கு என்ன வேலை செய்கிறது? கீழே ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தப் பதிலிலிருந்து கதை எப்படி வருகிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: எந்தக் கரை, எந்தக் காலம்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு எழுதுவதால், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலேயே கதையை வைத்துவிடலாம் என்று தோன்றும். இரவில் ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். கடல் முழுக்க நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள், முதுகுக்குப் பின்னால் அடுக்குமாடி வீடுகளின் வெளிச்சம். அங்கே ஒரு பெண் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் எந்தப் படகுக்காரனுக்கும் அது தெரியாது, தேவையும் இல்லை. இன்றைய சிங்கப்பூரில் இந்த விளக்குக்கு வேலை கிடையாது.

பழைய சிங்கப்பூரில் வைக்கலாமா? 1960களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி தொடங்குவதற்கு முன், இன்றைய மரின் பரேட் பக்கத்திலேயே அலை அடித்தது. கரையோரக் கிராமங்களில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான் மிகுதி. அந்தக் கதையை எழுதலாம், ஆனால் அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். பெயரை மட்டும் மாற்றித் தமிழ்க் குடும்பமாக்கினால் ஒட்டாது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், 1970களின் தொடக்கம், கார்த்திகை மாதம். கட்டுமரத்தில் மோட்டார் கிடையாது, பாயும் துடுப்பும்தான். குப்பத்தில் மின்சாரம் இல்லை. விளக்குக்கு வேலை வருவதற்கு இந்த இரண்டும் போதும். 1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயலைப் போன்ற பெரிய பேரிடரைத் தொடாதீர்கள். அத்தகைய புயலுக்கு எச்சரிக்கைக் கூண்டு ஏறும், கடலுக்குப் போகாதே என்பார்கள், அப்புறம் அது வேறு படம். நமக்கு வேண்டியது வடகிழக்குப் பருவத்தில் சாதாரணமாக வரும் ஓர் இடிமழை. எச்சரிக்கை இல்லாமல் வருவது.

இரண்டாம் படி: விளக்கின் வேலையைத் தேடுங்கள்

இதற்குக் கடலை அறிந்த ஒருவரிடம் பேசுவதுதான் நேர்வழி. அதற்கு இங்கே பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாகை, வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் இந்தக் கருவைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வெளக்க மணல்ல வச்சா யாருக்குக்கா தெரியும்? ஒசத்திக் கட்டணும்ல?”

அவர் சொன்னது சரி. கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருக்காது. முன்னால் எழும் அலையே கரையை மறைத்துவிடும். மணலில் வைத்த அகலோ அரிக்கேனோ அவருக்குத் தெரியாது. அதே அரிக்கேனைக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றினால், தெளிந்த இருட்டில் சில கிலோமீட்டர் வரை ஒரு புள்ளியாகத் தெரியும். மழைத்திரை இறங்கிவிட்டால் சில நூறு மீட்டர்கூடத் தெரியாது. ஆகவே மழை வருவதற்குள் விளக்கு மேலே ஏற வேண்டும். கதைக்கு வேண்டிய அவசரம் இங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்தது, அந்தப் புள்ளி என்ன சொல்கிறது? ‘திரும்பி வா’ என்று சொல்லவில்லை. வரத்தான் அவனுக்கும் ஆசை. கார்த்திகையில் அந்தக் கரையோரம் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். நீவாடு என்பார்கள். காற்று விழுந்து பாய் தொங்கிவிட்டால் மரம் தன்பாட்டில் தெற்கே நகரும். இருட்டில் கரை முழுவதும் ஒரே கறுப்புக் கோடு. எங்கே தன் குப்பம், எங்கே ஆற்றின் முகத்துவாரம் என்று தெரியாது. முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கும், அலை அங்கே தாறுமாறாக உடையும், மரம் கவிழும். விளக்கு சொல்வது இதைத்தான்: இறங்க வேண்டிய இடம் இங்கே, நீ தெற்கே போய்விட்டாய்.

இந்த வேலை தெரிந்ததும் சிக்கலும் கிடைத்துவிடுகிறது. விளக்கு ஓர் இடத்தில் நிலையாக இருந்தால்தான் பயன். அவளுடைய கணவனோ இந்நேரம் தெற்கே, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிய வருகிறது. விளக்கை அங்கே எடுத்துப்போனால் அவனுக்கு உதவலாம். ஆனால் குப்பத்துக்கு வர வேண்டிய மற்ற மரங்கள் அந்த விளக்கைப் பார்த்து முகத்துவாரத்தில் போய் இறங்கும். குப்பத்தில் எண்ணெய் உள்ள விளக்கு இது ஒன்றுதான்.

இப்போது அவள் காத்திருக்கும் பெண் இல்லை, முடிவெடுக்க வேண்டிய பெண். கணவனுக்காக விளக்கேற்றும் பத்தினி, அவள் கற்பைப் பார்த்து அடங்கும் கடல் என்கிற பழைய தடத்தில் கதை வழுக்கிப்போகாமல் இருக்கவும் இது உதவும். மீனவப் பெண்கள் கூடை சுமந்து மீன் விற்பவர்கள். எண்ணெய் விலையும் தெரியும், யார் வீட்டு மரம் எப்போது வரும் என்றும் தெரியும்.

மூன்றாம் படி: மேகத்தைக் கடிகாரமாக்குங்கள்

‘கருமேகங்கள் சூழ்கின்றன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இடிமழை வரிசையாக வரும். முதலில் காற்று நின்று புழுங்கும். கடல்மேல் மேகத்தின் அடிப்பகுதி மட்டும் மையாகக் கறுக்கும். பிறகு திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும். அப்புறம் இடைவெளி விட்டுப் பெரிய பெரிய துளிகள். கடைசியில்தான் திரைபோல மழை. ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு காட்சிக்குக் கொடுத்துவிட்டால், ‘நேரமாகிறது’ என்று யாரும் பேச வேண்டியதில்லை.

இந்த வரிசையை நேரில் பார்க்க இங்கே நல்ல வசதி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வீசும். வீட்டு நடைபாதையில் நின்றே குறிப்பெடுக்கலாம்: எந்த நேரத்தில் குளிர் பட்டது, எத்தனை நிமிடம் கழித்து முதல் துளி விழுந்தது. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே அது மேற்கிலிருந்து வருகிறது. நாகையில் அந்தப் பருவத்து மழை கடல் பக்கத்திலிருந்து, கிழக்கிலிருந்து ஏறி வரும்.

இதில் ஒரு முரண்பாட்டையும் தீர்க்க வேண்டும். மேகம் தெரிய வெளிச்சம் வேண்டும், விளக்கு தெரிய இருட்டு வேண்டும். நள்ளிரவில் வைத்தால் மேகம் தெரியாது, நடுப்பகலில் விளக்குக்கு அர்த்தமில்லை. அந்தி நேரம்தான் இரண்டையும் தரும். கிழக்குக் கடற்கரையில் சூரியன் நிலத்துக்குப் பின்னால் விழுவதால் மேற்கே கொஞ்சம் செம்மை இருக்கும்போதே கடல் பக்கம் கறுத்துவிடும். விடியலுக்கு முன் போனவர்கள் மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். காற்று விழுந்ததால் வரவில்லை. இப்போது அந்தி.

நான்காம் படி: ஐந்து நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதைக்கான கூரியர் எழுத்துருவில் பிறந்தது. அதில் தமிழ் எழுத்தே இல்லை. `Noto Sans Tamil` போன்ற ஒன்றில் அடித்தால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. கைப்பேசியில் நிறுத்துகடிகாரத்தை ஓட்டிவிட்டு, ஒவ்வொரு செயலையும் மனத்தில் நடத்திப் பாருங்கள். விளக்கேற்றுவது தாளில் மூன்று வரி, திரையில் முக்கால் நிமிடம்.

நம் கதை இப்படிப் பிரிகிறது. முதல் அரை நிமிடத்தில் அஞ்சலை காலிக் கூடையோடு சந்தையிலிருந்து கரைக்கு வருகிறாள். மணலில் மரம் இழுத்துப்போன தடங்கள் கடலுக்குள் போகின்றன, எதுவும் திரும்பி வரவில்லை. காற்று நின்றிருக்கிறது. அடுத்த ஒன்றரை நிமிடம் முழுவதும் விளக்குதான்: எண்ணெய், தீக்குச்சி, கம்பம். மூன்றாம் நிமிடத்தில் இருட்டுக்குள்ளிருந்து குரல்கள், நனைந்த இரண்டு பேர், ஒரு செய்தி. நான்காம் நிமிடம் அவளுடைய முடிவு. கடைசி நிமிடம் தெற்கே நடை.

விளக்குக்கு ஒன்றரை நிமிடம் அதிகம் என்று நண்பர்கள் சொல்வார்கள். குறைக்காதீர்கள். அந்தப் பகுதியில்தான் பார்ப்பவர் அவளோடு சேருகிறார்.

ஐந்தாம் படி: கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் எழுதுங்கள்

‘அஞ்சலையின் மனம் பதறுகிறது’ என்பதைப் படம் பிடிக்க முடியாது. கை செய்வதை எழுத வேண்டும். அதற்கு அரிக்கேன் விளக்கு எப்படி இயங்கும் என்பது தெரிய வேண்டும். பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள நெம்பை அழுத்தினால் கண்ணாடிக் குடுவை மேலே எழும்பும். அந்த இடைவெளியில் திரியைப் பற்றவைத்துவிட்டுக் குடுவையை இறக்க வேண்டும். திரியை அதிகம் ஏற்றினால் புகை கண்ணாடியில் படிந்து வெளிச்சம் மங்கும். காற்றுக்கு அது அவ்வளவு எளிதில் அணையாது, அதற்கென்றே செய்த விளக்கு. ஆனால் பற்றவைக்கும் அந்த சில நொடி, குடுவை மேலே இருக்கும்போது, பாதுகாப்பே கிடையாது. சூடான கண்ணாடியில் சாய்ந்து விழும் குளிர்ந்த மழைத்துளி பட்டாலோ கீறல் விடும். இந்த இரண்டு பலவீனங்களும் உங்கள் காட்சிக்குள் வர வேண்டும்.

அந்தப் பகுதியை எழுதிப் பார்ப்போம்.

காட்சி 2. வெளி. கடற்கரை, விளக்குக் கம்பம். அந்தி.

அஞ்சலை கம்பத்தின் அடியில் குந்துகிறாள். அரிக்கேனைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறாள். அடியில் கொஞ்சம் எண்ணெய் தளும்பும் ஓசை.

தீப்பெட்டியைத் திறக்கிறாள். மூன்று குச்சிகள்.

நெம்பை அழுத்துகிறாள். குடுவை எழுகிறது. குச்சியை உரசுகிறாள். மருந்து நொறுங்கி மணலில் விழுகிறது. பற்றவில்லை.

குளிர்ந்த காற்று. அவள் முந்தானை கரைப்பக்கம் பறக்கிறது. கடலைத் திரும்பிப் பார்க்கிறாள். மேகத்தின் அடி இருண்டு தாழ்ந்திருக்கிறது.

கடலுக்கு முதுகு காட்டி உட்காருகிறாள். கூடையைக் கவிழ்த்துப் பக்கத்தில் நிறுத்துகிறாள். இரண்டாவது குச்சி. பற்றுகிறது. திரி. குடுவை இறங்குகிறது.

கயிற்றை இழுக்கிறாள். விளக்கு கம்பத்தின் உச்சிக்கு ஏறுகிறது.

உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. குலுக்கிக் கேட்பதில் வறுமை இருக்கிறது, திரும்பி உட்காருவதில் அனுபவம் இருக்கிறது. மூன்றாவது குச்சியைப் பயன்படுத்தாமல் விட்டதும் தெரிந்துதான். மூன்று குச்சி என்று சொல்லி மூன்றாவதில்தான் பற்றும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடும்.

குச்சிகளின் எண்ணிக்கை, எண்ணெயின் அளவு, காற்றின் திசை மூன்றும் கடைசி வரை மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று கடலிலிருந்து வந்தால் முந்தானை எப்போதும் கரைப்பக்கம்தான் பறக்கும். முகத்தில் அழகாகத் தவழ வேண்டும் என்று மூன்றாம் காட்சியில் திருப்பிவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: பேச்சைக் கடைசியில் எழுதுங்கள்

முழுக் கதையையும் பேச்சு இல்லாமல் எழுதி முடித்துவிட்டு, எங்கே புரியவில்லையோ அங்கே மட்டும் ஒரு வரி சேருங்கள். நமக்கு இரண்டு செய்திகள் மட்டுமே வாய்வழியாக வர வேண்டும்: நீவாடு தெற்கே இழுக்கிறது, இன்னும் மரங்கள் வர வேண்டியிருக்கின்றன.

காட்சி 4. வெளி. விளக்குக் கம்பம். இருட்டு.

நனைந்த மனிதர் துடுப்போடு வெளிச்சத்துக்குள் வருகிறார். மூச்சு வாங்குகிறது.

அஞ்சலை: எங்க ஊட்டுக்காரரு?

மனிதர்: பின்னாலதான் வந்தாருத்தா. நீவாடு தெக்க இழுக்குது. முகத்துவாரத்துகிட்ட இருப்பாரு.

அஞ்சலை கயிற்றை அவிழ்க்கிறாள். விளக்கு பாதி இறங்குகிறது.

சிறுவன்: அக்கா, இன்னும் ரெண்டு மரம் வரணும்க்கா.

அவள் கை நிற்கிறது. முதல் மழைத்துளி மணலில் விழுந்து குழி போடுகிறது.

விளக்கை மறுபடி ஏற்றுகிறாள். கயிற்றின் நுனியைச் சிறுவன் கையில் திணிக்கிறாள்.

அஞ்சலை: மழை வலுத்தா எறக்கி, கூடைய மேல புடிச்சுக்கோ. கண்ணாடி தெறிச்சிரும்.

காலித் தகர டப்பாவையும் ஒரு கட்டையையும் எடுத்துக்கொண்டு தெற்கே இருட்டுக்குள் நடக்கிறாள்.

அவள் தன் முடிவுக்கு விளக்கம் சொல்லவில்லை. கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசுகிறாள். ‘அவங்களும் நம்ம ஆளுங்கதானே’ என்று ஒரு வரி எழுதக் கை பரபரக்கும். எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். அவள் தகரத்தை எடுத்துப் போவதும் காரணத்தோடுதான். வெளிச்சம் ஊமையானால் ஓசை வேலை செய்யும், ஓசையை யாரும் குப்பத்தின் விளக்கு என்று தவறாக நினைக்க மாட்டார்கள்.

வட்டார வழக்கு பற்றி ஒரு சொல். இங்கே நடிக்கப்போகிறவர் சிங்கப்பூரில் வளர்ந்தவராக இருக்கலாம். நாகை வழக்கை நீளமாகப் பேசவைத்தால் பொருந்தாது. வரிகள் குறைவாகவும் குட்டையாகவும் இருந்தால் ஒரு மாலைப் பயிற்சியில் பழகிவிடலாம். அந்த ஊர்க்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லி, குரலைப் பதிவு செய்து கொடுங்கள்.

எங்கே முடிப்பது? கணவன் வந்துவிட்டால் அவள் எடுத்த முடிவுக்கு விலை இல்லாமல் போகிறது. பிணம் ஒதுங்கினால் அவளைத் தண்டிப்பது போலாகிறது. தகர ஓசைக்குக் கடலிலிருந்து “ஓய்” என்று ஒரு குரல் பதில் கொடுக்கட்டும், யாருடையது என்று தெரியாமல். அவள் நடையை ஓட்டமாக்குகிறாள். அங்கே வெட்டிவிடலாம்.

ஏழாம் படி: இங்கே எடுக்க முடியுமா என்று பிரதியைச் சோதியுங்கள்

கட்டுமரம் கிடைக்காது. அதனால்தான் மேலே உள்ள பிரதியில் மரம் கண்ணில் படவே இல்லை. இழுத்த தடம், குரல், துடுப்பு, நனைந்த உடல் இவையே போதும். தடத்தை நீங்களே ஒரு பலகையை இழுத்து உண்டாக்கிக்கொள்ளலாம்.

கடலில் கப்பல் விளக்குகள் எரியும் என்பதால், இருட்டிய பிறகு அடிவானத்தைக் காட்டும் வரி பிரதியில் இருக்கக் கூடாது. அடிவானம் வேண்டிய ஒரே காட்சி அந்தி. இங்கே சூரியன் மறைந்தபின் சுமார் 20 நிமிடத்தில் இருட்டிவிடும். அந்த இடைவெளியில் இரண்டு மூன்று ஷாட்டுக்கு மேல் எடுக்க முடியாது, அந்திக் காட்சிகளை அதற்கேற்பக் குறைத்து எழுதுங்கள்.

உண்மையான இடிமழையில் படம் பிடிக்கும் யோசனை வேண்டாம். சிங்கப்பூரில் மின்னல் மிக அதிகம், திறந்த கடற்கரையில் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பது உயிரோடு விளையாட்டு. மேகமூட்டமான மாலை ஒன்று, துணியை அசைக்க ஒரு விசிறி, தெளிக்க ஒரு பூவாளி, மீதியை ஒலியில் செய்துகொள்ளலாம். பூங்காக் கடற்கரைகளில் எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பே அனுமதி கேளுங்கள். நெருப்புக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. ஆகவே கம்பத்தில் ஏறும் விளக்குக்குள் மஞ்சள் நிற எல்.இ.டி. ஒன்றை வைத்து, லேசாக நடுங்கும்படி அமைத்துவிடுங்கள். தீக்குச்சி உரசுவது, குடுவை எழுவது, திரி பற்றுவது ஆகிய அண்மைக் காட்சிகளை மட்டும் வீட்டில் தனியாக எடுக்கலாம்: பின்னால் ஒரு கறுப்புத் துணி, பக்கத்தில் மேசை விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர்.